சார்ஜ் ஏறாத ஸ்மார்ட்வாட்ச்: கோளாறு வாட்சிலா, வட்டிலா, அடாப்டரிலா?

இரவு கழற்றிச் சார்ஜிங் வட்டின் மேல் வைத்த வாட்ச், காலையில் எடுக்கும்போது 12 சதவீதத்தில் நிற்கிறது. வைத்த உடனே சார்ஜ் குறி வந்தது, ஒரு சிறு அதிர்வும் இருந்தது. ஆனால் அது நிலைத்ததா என்று நின்று பார்க்கவில்லை. மறுநாள் கவனித்துப் பார்த்தால் குறி வருகிறது, சில நொடியில் மறைகிறது, மீண்டும் வருகிறது. பேட்டரி போய்விட்டது என்ற முடிவுக்குப் பலரும் வருவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் அந்த முடிவு அவசரமானது. குறி வந்து வந்து மறைகிறது என்றால் வாட்சுக்கும் வட்டுக்கும் இடையே ஏதோ ஒன்று தொடங்குகிறது, தொடங்கியது நிலைக்கவில்லை. எது நிலைக்கவில்லை என்பதைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கலாம். அதற்கு முதலில் உங்கள் வட்டு எந்த வகை என்று தெரிய வேண்டும்.

சுருளா, பின்னா

வட்டமாக, காந்தத்தோடு, பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் சார்ஜிங் வட்டுகள் இரண்டு வகை. ஒன்றில் வழவழப்பான மூடிக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். வாட்சின் முதுகிலும் ஒரு சுருள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உலோகத் தொடர்பே கிடையாது, மின்சாரம் காந்தப்புலமாகக் கடக்கிறது. ஆப்பிள் வாட்ச், சாம்சங் கேலக்ஸி வாட்ச் ஆகியவை இந்த வகை. இன்னொன்றில் வட்டின் மேல் இரண்டோ நான்கோ சிறிய ஸ்பிரிங் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும், வாட்சின் முதுகில் அவற்றுக்கு நேராகப் பொட்டு அளவு உலோகப் புள்ளிகள் இருக்கும். காந்தம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது, மின்சாரம் நேராக உலோகத்தின் வழியே போகிறது. அமேஸ்ஃபிட், ஃபிட்பிட் வாட்சுகள் பலவும் இப்படித்தான்.

காந்தத்தால் ஒட்டுவதாலேயே இரண்டாம் வகையையும் மக்கள் வயர்லெஸ் என்றே சொல்கிறார்கள், கடைகளிலும் அப்படித்தான் விற்கிறார்கள். பெயரை நம்ப வேண்டாம், வட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் வாட்சுகளுக்குள்ளேகூட இது மாறும். கூகுளின் முதல் பிக்சல் வாட்ச் சுருள் வகை. அடுத்து வந்த பிக்சல் வாட்ச் 2-க்கு நான்கு பின் கொண்ட வட்டு. முதலாவதன் வட்டில் இரண்டாவதை வைத்தால் சார்ஜ் ஏறாது. வீட்டில் இரண்டும் இருந்து வட்டுகள் மாறிப்போனால், கோளாறே இல்லாத வாட்சில் கோளாறு தேடிக்கொண்டிருப்போம்.

இந்த வகைப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், சுத்தம் செய்யும் முறை இரண்டுக்கும் வேறு. சுருள் வகையில் அழுக்கு மின்சாரத்தைத் தடுப்பதில்லை, இடைவெளியை உண்டாக்கித்தான் கெடுக்கிறது. பின் வகையில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம்கூட மின்சாரத்தை நிறுத்திவிடும்.

சுருளுக்குள் நடக்கும் பேச்சு

சுருள் வகை வட்டு, பிளக்கில் செருகியதும் மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பதில்லை. அவ்வப்போது ஒரு சிறு துடிப்பை மட்டும் அனுப்பி, மேலே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறது. வாட்ச் அங்கே இருந்தால், அந்தத் துடிப்பில் கிடைத்த துளி மின்சாரத்திலேயே அதன் சார்ஜிங் சிப் விழித்துக்கொள்கிறது. விழித்ததும் தன் பக்கத்துச் சுருளின் மேலுள்ள மின் சுமையை வேகமாகக் கூட்டிக் குறைக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை வட்டு தன் சுருளிலேயே உணர்ந்து, அதைச் செய்தியாகப் படிக்கிறது. Qi என்று எழுதி 'சீ' என்று சொல்லும் வயர்லெஸ் சார்ஜிங்கின் பொதுத் தரநிலையில் இந்தச் செய்தி நொடிக்கு 2,000 பிட் வேகத்தில் போகிறது. "நான் இன்ன கருவி, இவ்வளவு வேண்டும், இன்னும் கொஞ்சம் கூட்டு, போதும் குறை" என்று சார்ஜ் முடியும்வரை இந்தப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஓரிரு நொடி வாட்சிடமிருந்து பதில் வராவிட்டால், வாட்சை எடுத்துவிட்டார்கள் என்று எண்ணி வட்டு நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்கும்.

குறி வந்து மறைந்து வருவதன் பொருள் இப்போது புரியும். துடிப்பு போகிறது, வாட்ச் பதில் சொல்கிறது, ஆகவே இரண்டு சுருளும் உயிரோடுதான் இருக்கின்றன. முழு மின்சாரம் ஓடத் தொடங்கியதும் பேச்சு அறுந்துபோகிறது. அறுவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள். சுருள்கள் விலகியிருக்கின்றன, அல்லது நடுவே உலோகம் இருக்கிறது, அல்லது அடாப்டர் பக்கத்திலிருந்து வட்டுக்குப் போதிய மின்சாரம் வரவில்லை.

விலகலை முதலில் பாருங்கள். வாட்சுக்குள் இருக்கும் சுருள் ஒரு நாணயம் அளவுதான். இவ்வளவு சிறிய சுருளில் 2 மில்லிமீட்டர் தூக்கலே பெரிய இழப்பு. பாதுகாப்புக்காகப் போடும் பிளாஸ்டிக் கேஸின் விளிம்பு முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் போதும், வாட்ச் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். வட்டைப் பொருத்தி வைக்கும் தாங்கிகளிலும் இதே சிக்கல் உண்டு. தாங்கியின் வளையம் வட்டின் முகத்தைவிடச் சற்று மேலே ஏறியிருந்தால் வாட்ச் வளையத்தின் மேல் உட்காரும், வட்டின் மேல் உட்காராது. பட்டையின் இறுக்கமும் வாட்சைத் தூக்கும். விறைப்பான பட்டையை மாட்டியபடி தட்டையாக வைத்தால் அது வாட்சை நெம்பிவிடும். புதிதாக வாங்கியதாக இருந்தால் வாட்சின் முதுகிலும் வட்டின் முகத்திலும் ஒட்டியிருக்கும் கண்ணாடித்தாளை உரித்துவிட்டீர்களா என்று நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். அவ்வளவு ஒட்டிப் படிந்திருக்கும் என்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அடுத்தது உலோகம். வட்டின் நடுவில் காந்தம் இருப்பதால், மேசை மேல் கிடக்கும் இரும்புத் தூளையும் உடைந்த ஸ்டேப்ளர் முனையையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். மாறும் காந்தப்புலத்தில் சிக்கிய உலோகத் துண்டுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி அது சூடாகிறது. அனுப்பிய மின்சாரத்துக்கும் வாட்ச் பெற்றுக்கொண்டதாகச் சொல்லும் மின்சாரத்துக்கும் கணக்கு உதைத்தால், நடுவே வேறு ஏதோ இருக்கிறது என்று வட்டு நிறுத்திக்கொள்ளும். இது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு, இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், விளிம்பில் கருந்தூள் மயிர்போல நிமிர்ந்து நிற்பது தெரியும். துணியால் துடைத்தால் அது ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகருமே தவிர விடாது. செலோடேப்பின் பசைப் பக்கத்தை அழுத்தி எடுத்தால் வந்துவிடும். இரண்டு மூன்று முறை புதுத் துண்டு டேப்பால் ஒற்றுங்கள்.

சுருள் வகையைச் சுத்தம் செய்வது

வாட்சின் முதுகில் வியர்வை உப்பும் தோல் எண்ணெயும் சன்ஸ்கிரீனும் சேர்ந்து மாவுபோல ஒரு பூச்சு உருவாகும், குறிப்பாக முதுகுக் கண்ணாடி உலோகத்தோடு சேரும் வட்டக் கோட்டில். இந்தப் பூச்சு தன்னளவில் காந்தப்புலத்தைத் தடுக்காது. ஆனால் கெட்டியாகிவிட்டால் வாட்சைச் சரியாக உட்கார விடாது, வழுக்கவும் செய்யும்.

வட்டைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், வாட்சை அணைத்துவிடுங்கள். நூல் உதிராத மென்துணியை நீரில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து வாட்சின் முதுகைத் துடைக்கலாம். போகாத எண்ணெய்ப் பூச்சுக்கு 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுக்கொள்ளுங்கள். வட்டக் கோட்டில் சிக்கியதை மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுக்கலாம். தோல் பட்டையாக இருந்தால் ஆல்கஹால் படும் முன் கழற்றிவிடுங்கள், சாயம் போய்விடும். வாட்ச் நீர் புகாதது என்பதற்காக வட்டையும் குழாய்க்கு அடியில் காட்டிவிடக் கூடாது. வட்டுக்கு ஈரத்துணி மட்டும் போதும். ப்ளீச்சும் ஹைட்ரஜன் பெராக்சைடும் எதிலும் வேண்டாம்.

பின் வகையைச் சுத்தம் செய்வது

பொறுமை அதிகம் தேவைப்படுவதும், பலன் உடனே தெரிவதும் இந்த வகையில்தான். பின்களின் மேல் இருப்பது தங்க முலாம். அதற்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்புக் கலவை. முலாம் மிக மிக மெல்லியது. தங்கம் அரிக்காது என்றாலும், முலாமில் ஓர் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் வியர்வை அதன் வழியே செம்பைத் தொட்டுவிடும். பச்சையாகப் பூத்து நிற்பது அந்தச் செம்பின் உப்புதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வியர்வை ஈரத்தோடு வாட்சைக் கழற்றி அப்படியே வட்டில் வைத்தால், பிளஸ் பின்னுக்கும் மைனஸ் பின்னுக்கும் நடுவே உப்பு நீர் ஒரு பாலமாக நிற்கும். அதன் இருபுறமும் 5 வோல்ட் இருக்கும். அது ஒரு சிறு மின்பகுப்புத் தொட்டி. பிளஸ் பக்கத்து உலோகம் மெல்ல மெல்லக் கரைகிறது. அதனால்தான் பழுதான வட்டுகளை உற்றுப் பார்த்தால் நான்கு பின்களும் ஒரே அளவில் கெட்டிருக்காது. ஒரே ஒரு பின் மட்டும் கறுத்து, குழிந்து, குட்டையாகி நிற்கும். உடற்பயிற்சி முடிந்து கழற்றிய வாட்சின் முதுகைத் துடைத்துச் சில நிமிடம் உலர விட்ட பிறகு வட்டில் வைப்பது, எந்தச் சுத்தம் செய்வதைவிடவும் பின்களின் ஆயுளைக் கூட்டும்.

சுத்தம் செய்ய 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, மென்மையான பிரஷ், மரப் பல்குச்சி ஆகியவை போதும். 99 சதவீத ஆல்கஹால்தான் மின்பொருளுக்கு நல்லது என்று படித்திருப்பீர்கள். இந்த வேலைக்கு நான் 70-ஐத்தான் சொல்வேன். எண்ணெயும் சன்ஸ்கிரீனும் ஆல்கஹாலில் கரையும், வியர்வை உப்பு அநேகமாகக் கரையாது. அதற்கு நீர் வேண்டும். 70 சதவீதக் கரைசலில் மீதி 30 பங்கு நீர் என்பதால் இரண்டும் ஒரே துடைப்பில் வரும். நீர் இருப்பதால் உலரக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வட்டைப் பிளக்கிலிருந்து எடுங்கள், வாட்சை அணையுங்கள். பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, அதிகத்தைப் பாட்டில் வாயில் ஒற்றி எடுத்துவிட்டு, வாட்சின் ஒவ்வொரு உலோகப் புள்ளியையும் சுழற்றித் தேயுங்கள். குச்சியின் முனை பழுப்பாக வந்தால் வேறு குச்சி எடுத்து மறுபடி தேயுங்கள், வெள்ளையாக வரும்வரை. பிறகு வட்டுக்கு வாருங்கள். பின்கள் பக்கவாட்டில் வளையாதபடி, மேலிருந்து கீழாக மட்டும் பிரஷ்ஷால் லேசாகத் தட்டித் துலக்குங்கள்.

அடுத்து ஸ்பிரிங்கைச் சோதியுங்கள். வட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தால் எல்லாப் பின்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அது குழாய்க்குள் உப்புப் படிந்து சிக்கியிருக்கிறது. அந்தப் பின்னின் அடியில் ஒரு துளி ஆல்கஹால் விட்டு, பல்குச்சியின் மழுங்கிய முனையால் நேராகக் கீழே அழுத்தி விடுங்கள். பத்துப் பதினைந்து முறை அழுத்தினால் பெரும்பாலும் உப்புக் கரைந்து பின் துள்ளி எழும். எழாவிட்டால் ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது என்று பொருள், வட்டை மாற்ற வேண்டியதுதான். ஊசியால் நெம்பி வெளியே இழுக்கப் பார்த்தால் மற்ற பின்னும் போகும்.

உப்புத்தாள், பிளேடு, நகவெட்டியின் அரம் எதையும் கிட்டே கொண்டுவர வேண்டாம். ஒருமுறை சுரண்டினால் அன்றைக்கு நன்றாகச் சார்ஜ் ஏறும். ஆனால் முலாம் போய்விட்டது, அடுத்த சில வாரங்களில் அதே இடம் முன்னைவிட மோசமாகக் கறுக்கும். ஆல்கஹாலுக்கு மசியாத கறை வாட்சின் தட்டைப் புள்ளியில் இருந்தால் பென்சில் அழிப்பானால் மூன்று நான்கு முறை லேசாகத் தேய்க்கலாம். அதுவும் உராய்வுப் பொருள்தான் என்பதால் வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. எல்லாம் முடிந்ததும் பத்து நிமிடம் காற்றில் உலரட்டும், அதற்குப் பிறகே பிளக்கில் செருகுங்கள்.

மீட்டரோடு ஒரு சோதனை

சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் ஊகிப்பதை விட்டுவிட்டு அளந்து பார்ப்பது நல்லது. யூஎஸ்பி மீட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு கருவி கிடைக்கிறது. அடாப்டருக்கும் வட்டின் கம்பிக்கும் நடுவே செருகினால் வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும். வாங்கும்போது உங்கள் வட்டின் பிளக் எந்த வடிவமோ அதே வடிவ மீட்டராக வாங்குங்கள்.

தொடக்கத்தில் சொன்ன வாட்சையே எடுத்துக்கொள்வோம். சுருள் வகை, 300 மில்லியாம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டை மட்டும் செருகியபோது மீட்டர் 5.08 வோல்ட், 0.02 ஆம்பியர் காட்டுகிறது. வட்டு விழித்திருக்கிறது, காத்திருக்கிறது. வாட்சை வைத்ததும் 0.38 ஆம்பியருக்கு ஏறுகிறது, நான்கு நொடியில் 0.02-க்கு விழுகிறது, பிறகு மறுபடி ஏறுகிறது. இப்போது பார்க்க வேண்டியது வோல்ட்டை. ஆம்பியர் ஏறும் நொடியில் வோல்ட் 5.03-லேயே நிற்கிறது என்றால் அடாப்டர் நன்றாக இருக்கிறது, சிக்கல் வட்டுக்கு மேலே. வாட்சின் கேஸைக் கழற்றி, வட்டைத் தாங்கியிலிருந்து வெளியே எடுத்து, மேசையில் தட்டையாக வைத்து, வாட்சை அதன் மேல் மெல்ல அழுத்துகிறோம். 0.36-ல் அசையாமல் நிற்கிறது. கையை எடுத்தும் நிற்கிறது. கேஸை மட்டும் மாட்டினால் மறுபடி துள்ளுகிறது. குற்றவாளி கேஸின் விளிம்பு.

இதே சோதனையில் ஆம்பியர் ஏறும் நொடியில் வோல்ட் 4.6-க்குச் சரிந்திருந்தால் கதையே வேறு. மின்சாரம் வரும் வழியில் குறை, வாட்சைத் துடைத்துப் பயனில்லை. மீட்டரில் எப்போதும் 0.00 என்றே இருந்தால் வட்டு செத்திருக்கலாம், அல்லது அடாப்டர் அதற்கு மின்சாரமே கொடுக்கவில்லை. இந்த இரண்டாவதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு மாற்றிப் பார்ப்பதுதான் வழி. கேலக்ஸி வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வேறு கருவிக்குத் தன் முதுகிலிருந்தே சார்ஜ் கொடுக்கும் வயர்லெஸ் பவர்ஷேர் உள்ள கேலக்ஸி போனின் மேல், போன் கேஸைக் கழற்றிவிட்டு, வாட்சை வைத்துப் பார்க்கலாம். அங்கே ஏறுகிறது என்றால் வாட்ச் நலம், வட்டையோ அடாப்டரையோ சந்தேகிக்க வேண்டும். போனின் சொந்தப் பேட்டரி குறைவாக இருந்தால் இந்த வசதி வேலை செய்யாது, நன்றாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுச் சோதியுங்கள்.

அடாப்டர்: வாட் அல்ல, துளைதான் விஷயம்

பெரிய வாட் அடாப்டரில் போட்டால் வாட்ச் எரிந்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அடாப்டர் மின்சாரத்தைத் திணிப்பதில்லை. கேட்காதவரை அது 5 வோல்ட்டில் நிற்கும், வட்டு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் போகும். கணக்கையும் பாருங்கள். 300 மில்லியாம்பியர்-மணி பேட்டரியை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 1.2 வாட்-மணி. சுருளில் வீணாவதையும் சேர்த்தால் 2 வாட்-மணிக்குள் முழு சார்ஜும் முடிந்துவிடும். சாதாரண வேகத்தில் சார்ஜ் ஏறும் வாட்சுக்கு 5 வோல்ட் 1 ஆம்பியர், அதாவது 5 வாட் அடாப்டர் தாராளம். 65 வாட் அடாப்டரும் தீங்கு செய்யாது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளப் போவதும் அதே 2 வாட்-மணிதான். எழுதியிருக்கும் எண்ணைக் கொடுக்க முடியாத, எடையே இல்லாத மலிவு அடாப்டர்கள்தான் ஆபத்தானவை. வெளியே தெரியும் அடையாளம் ஒன்று சொல்லலாம். வாட்ச் போன்ற சிறு சுமைக்கே கை வைக்க முடியாத சூடு வந்தால் அதைத் தூக்கி எறியுங்கள்.

உண்மையான சிக்கல் துளையின் வடிவத்தில் இருக்கிறது. செவ்வகமான பழைய யூஎஸ்பி-ஏ துளையில் எப்போதும் 5 வோல்ட் நிற்கும், எதைச் செருகினாலும் கிடைக்கும். யூஎஸ்பி-சி துளை அப்படியல்ல. மறுமுனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை இருப்பதை உணர்ந்த பிறகே அது 5 வோல்ட்டைத் திறந்துவிடும். மலிவாகத் தயாரிக்கப்படும் சில வட்டுகளில் சி வடிவத் துளை இருக்கும், உள்ளே அந்த மின்தடையை வைத்திருக்க மாட்டார்கள். ஓரிரு காசுப் பொருளை மிச்சம் பிடித்ததன் விளைவு, இருபுறமும் சி உள்ள கேபிளில் போட்டால் வட்டு பிணம்போலக் கிடக்கும். அதையே ஒருபுறம் ஏ, மறுபுறம் சி உள்ள கேபிளில் ஏ துளை அடாப்டரில் போட்டால் உடனே உயிர்பெறும். புது அடாப்டர் வாங்கியதிலிருந்து வாட்ச் சார்ஜ் ஏறவில்லை என்று சொல்பவர்கள் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதைத்தான். வட்டும் வாட்சும் அடாப்டரும் தனித்தனியே நலமாக இருக்கும், சேர்க்கைதான் ஒத்துவராது.

கேபிளின் நீளமும் மெலிவும் அடுத்தது. மலிவு கேபிள்களில் 28 கேஜ் கம்பி சாதாரணம், அதற்கு மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை. 2 மீட்டர் கேபிளில் மின்சாரம் போகவும் வரவும் 4 மீட்டர், ஆக 0.85 ஓம். 0.4 ஆம்பியர் ஓடினால் 0.34 வோல்ட் வழியிலேயே போய்விடும். வேகச் சார்ஜ் வட்டு 1 ஆம்பியர் இழுத்தால் 0.85 வோல்ட் போகும், வட்டின் கையில் சேர்வது 4.15 வோல்ட்தான். வட்டு தடுமாறி அணைந்து மறுபடி எழும். வட்டோடு வந்த கம்பி போதாமல் நீட்டிப்புக் கேபிள் சேர்த்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

கணினியின் யூஎஸ்பி துளையில் போடுபவர்கள், மடிக்கணினி உறங்கும்போது அந்தத் துளையும் உறங்கிவிடலாம் என்பதை நினைவில் வையுங்கள். பல துளை அடாப்டர்களில் வேறொரு நடப்பு உண்டு. பக்கத்துத் துளையில் போனைச் செருகியதும் மின்சாரத்தைப் புதிதாகப் பங்கிட எல்லாத் துளைகளையும் ஒரு நொடி அணைத்துத் திறக்கும். வாட்சின் சார்ஜ் குறி ஒருமுறை மறைந்து வந்தால் பதற வேண்டாம். பவர் பேங்க் இன்னும் நுணுக்கமானது. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைந்தால், எதுவும் செருகப்படவில்லை என்று முடிவு செய்து தானே அணைந்துவிடும். வாட்ச் 90 சதவீதத்தைத் தாண்டும்போது இழுப்பு அப்படிக் குறையும். சிறு கருவிகளுக்கான குறைமின்னோட்ட முறை உள்ள பவர் பேங்கில் அதை இயக்கிக்கொள்ளலாம். பலவற்றில் பொத்தானை இருமுறை அழுத்தினால் அது இயங்கும்.

மாற்று வட்டு வாங்கும்போது

'சீ' தரநிலை என்று எழுதியிருக்கும் போன் சார்ஜர் எல்லா வாட்சுக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். ஆப்பிள் வாட்ச் சாதாரண 'சீ' தட்டில் சார்ஜ் ஏறாது, அதற்கென்று செய்த வட்டுதான் வேண்டும். கேலக்ஸி வாட்சுகள் அந்தத் தொழில்நுட்பத்தை ஒட்டியே அமைந்தவை என்றாலும் எல்லாப் போன் தட்டுகளிலும் ஏறுவதில்லை. போன் தட்டின் சுருள் பெரியது, வாட்சின் சுருள் சிறியது, முதுகும் வளைந்தது. தட்டையான தளத்தில் அந்த வளைவு நடுவில் மட்டும் தொடும், ஓரம் தூக்கி நிற்கும்.

வேகச் சார்ஜ் வேண்டுமானால் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்: வாட்ச், வட்டு, அடாப்டர். ஆப்பிளில் 2021-இல் வந்த சீரிஸ் 7-லிருந்துதான் வேகச் சார்ஜ் தொடங்குகிறது. அதற்கு யூஎஸ்பி-சி முனையுள்ள வேகச் சார்ஜ் வட்டும், பவர் டெலிவரி எனப்படும் வசதியுள்ள அடாப்டரும் வேண்டும். வட்டைப் பார்த்தே பிரித்துவிடலாம். வேகமானதன் பக்கச் சுவர் அலுமினியம், பழையது பெரும்பாலும் வெள்ளைப் பிளாஸ்டிக். பழைய வட்டிலும் புது வாட்ச் ஏறும், நேரம்தான் கூடும். சாம்சங்கில் கேலக்ஸி வாட்ச் 5-லிருந்து வேகமான வட்டு தனியாக வருகிறது, அதற்கு முந்தைய வட்டில் வைத்தால் அந்த வேகம் கிடைக்காது.

கோளாறுபோலத் தோன்றுவதும், உண்மையான கோளாறும்

80 சதவீதத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலும் அது வாட்சின் முடிவு. பேட்டரியைக் காப்பதற்கான அமைப்பு இயங்குகிறது, அல்லது முதுகு சூடாகிவிட்டது. சுருளில் வீணாகும் மின்சாரம் வெப்பமாகி முதுகிலேயே சேர்கிறது. ஆப்பிள் வாட்சை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள், அறையே 35-ஐத் தொட்டால் சார்ஜ் மெதுவாவதும் நிற்பதும் இயல்பு. மெத்தை, தலையணை மேல் வைக்காமல் வெறும் மேசையில், காற்றோட்டத்தில் வையுங்கள்.

பல மாதம் மேசை இழுப்பறைக்குள் கிடந்த வாட்சை வைத்தால் திரையே வராமல் இருக்கலாம். மிகவும் இறங்கிப்போன லித்தியம் பேட்டரிக்கு முதலில் மிகச் சிறிய மின்னோட்டம்தான் கொடுக்கப்படும், ஒரு அளவுக்கு எழுந்த பிறகே முழு வேகம். அரை மணி நேரம் தொடாமல் விட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால் கட்டாய மறுதொடக்கம் செய்யலாம். ஆப்பிள் வாட்சில் பக்கப் பொத்தானையும் சுழல் பொத்தானையும் சேர்த்து, சின்னம் தோன்றும்வரை குறைந்தது 10 நொடி அழுத்த வேண்டும். கேலக்ஸி வாட்சில் இரு பொத்தான்களையும் சேர்த்து 7 நொடிக்கு மேல் அழுத்த வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

வட்டை மாற்றி, அடாப்டரை மாற்றி, சுத்தம் செய்து, மீட்டரில் 0.35 ஆம்பியர் சீராக ஓடியும் சதவீதம் ஏறவில்லை என்றால் கோளாறு வாட்சுக்குள் இருக்கிறது. அந்த நிலையில் வாட்சைப் பக்கவாட்டில் திருப்பி, முன் கண்ணாடியும் முதுகும் உடலோடு சேரும் கோட்டை வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் மயிரிழை இடைவெளி திறந்திருந்தால், அல்லது திரை லேசாக எழும்பியிருந்தால், பேட்டரி உப்பிவிட்டது. அதை இனி எந்த வட்டிலும் வைக்காதீர்கள், அழுத்தி மூடவும் முயலாதீர்கள். அணைத்து, தீப்பிடிக்கும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, சேவை மையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.